திரையில் நிமிர்ந்த படம், மாடலுக்குச் சாய்ந்த படம்

இணையத்தில் துணியும் செருப்பும் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். பொருளின் படத்தை ஏற்றியதும் அது சேலையா, சட்டையா, பையா, செருப்பா என்று இணையச் செயலியே பிரித்துவிட வேண்டும். இதற்கு லட்சக்கணக்கான படங்கள் வேண்டியதில்லை. கூகுள் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட மொபைல்நெட் வி2 என்ற சிறிய மாடல், ஆயிரம் வகைப் பொருள்களின் படங்களில் ஏற்கெனவே பழகியது. விளிம்பையும் மடிப்பையும் பிரித்தறிய அதற்குத் தெரியும். அந்த அறிவை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசி அடுக்கை மட்டும் கழற்றி நம் நான்கு வகைக்கான அடுக்கைப் பொருத்திப் பயிற்சி தருகிறோம். வகைக்குச் சில நூறு படங்கள் இருந்தால் மடிக்கணினியே போதும்.

சோதனைக்கு ஒதுக்கும் படங்களில் ஒரு கவனம் வேண்டும். ஒரே செருப்பை ஐந்து கோணத்தில் எடுத்திருந்தால் ஐந்தும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். மூன்று பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போனால், மாடல் பார்த்த செருப்பையே மறுபடி பார்க்கிறது. மதிப்பெண் பொய்யாக ஏறிவிடும்.

உண்மையான சிக்கல் செயலியை ஓடவிட்ட பிறகுதான் வரும். சோதனையில் நன்றாகத் தேறிய மாடல், கடைக்காரர் போனிலிருந்து ஏற்றும் படங்களில் தடுமாறும். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும், பல போன்கள் படத்தைக் கிடையாகவே சேமித்து, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப் குறிப்பு ஒன்றை எழுதிவைக்கின்றன. பிரவுசர் அதைப் படித்து நிமிர்த்திக் காட்டுகிறது. சர்வரில் படத்தைத் திறக்கும் பில்லோ நிரலகமோ, நாம் சொன்னால்தான் திருப்பும். ஆக, தொங்கும் சேலை நம் கண்ணுக்கு நேராகவும் மாடலுக்குப் படுத்த நிலையிலும் போய்ச் சேருகிறது. பயிற்சிக்குத் தந்தவை ஸ்டுடியோவில் திருத்தி நிமிர்த்திய படங்கள் என்றால், இந்தக் கோலத்தை அது பார்த்ததே இல்லை.

```python
img = ImageOps.exif_transpose(Image.open(f))
img = img.convert("RGB").resize((224, 224))
x = np.asarray(img, dtype="float32") / 127.5 - 1
```

முதல் வரி படத்தை நிமிர்த்துகிறது. கடைசி வரி, 0 முதல் 255 வரையுள்ள நிற எண்களை -1க்கும் 1க்கும் இடையே சுருக்குகிறது. பயிற்சியில் இப்படிச் சுருக்கிவிட்டு சர்வரில் மறந்தால், பெரும்பாலான படங்கள் ஓரிரு வகையிலேயே குவியும்; அன்றே தெரிந்துவிடும். சாய்ந்த படமோ சிலவற்றை மட்டும் கெடுப்பதால் நாள்கணக்கில் மறைந்திருக்கும். அதனால் இந்த மூன்று வரியையும் தனிக் கோப்பில் வைத்து, பயிற்சியும் சர்வரும் அதையே அழைக்கும்படி செய்வதுதான் சரி என்பேன். சந்தேகம் வந்தால், மாடலுக்குள் போகும் `x` எண்களை மறுபடி படமாக்கிச் சேமித்துக் கண்ணால் பாருங்கள்.

மாடலைச் செயலி தொடங்கும்போது ஒரே முறை ஏற்றினால் போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஏற்றினால் காத்திருப்பு நீளும். இன்னொன்று: குக்கர் படத்தைத் தந்தாலும் மாடல் நான்கில் ஒன்றைத்தான் சொல்லும், வேறு சொல் அதனிடம் இல்லை. எனவே ‘மற்றவை’ என்று ஐந்தாவது வகை ஒன்றைச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டும். மாடலின் நம்பிக்கை 0.7க்குக் கீழே இறங்கும் படங்களைக் கடை ஊழியர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அவர் திருத்தித் தரும் படங்களே அடுத்த பயிற்சிக்குப் போகும்.