மணல்திட்டைத் தாண்டும் கப்பல்

1889-இல் வைட் தீவுக்குப் படகில் போகும்போது ஆங்கிலக் கவிஞர் டென்னிசனுக்கு உதித்த கவிதை 'கிராஸிங் த பார்'. அப்போது அவருக்கு வயது 80. முகத்துவார மணல்திட்டைத் தாண்டிக் கடலுக்குள் போகும் கப்பலாக அதில் மரணம் வருகிறது.

வெளிச்சம் படிப்படியாகவே குறைகிறது. முதலில் சூரியன் சாய, மாலை நட்சத்திரம் தெரிகிறது. பிறகு அந்தி மங்கலில் மணியோசை, அதன்பின் இருட்டு. பார்வை மங்க மங்க, காது விழித்துக்கொள்கிறது.

முடிவில், வழிகாட்டும் மாலுமியின் முகத்தைக் காணும் நம்பிக்கை. திட்டைத் தாண்டியதும் அவர் இறங்கிவிடுவாரே என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர் எப்போதும் கப்பலில்தான் இருந்தார், இருட்டில்தான் முகம் தெரியவில்லை என்பது டென்னிசனின் விளக்கம்.

தன் தொகுப்புகள் எல்லாவற்றிலும் இதையே கடைசியில் வைக்கும்படி மகனிடம் சொன்ன அவர், 1892-இல் இறந்தார்.