சென்னை ஒன்று, மீதி முப்பத்தொன்று

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பதை, வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஐந்து நிறங்களில் வரைபடமாகத் தீட்டுவோம். எந்த எண்ணில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குவது? இதற்கு அதிகம் புழங்கும் வழிகள் இரண்டு.

முதலாவது சம இடைவெளி. நீலகிரியின் அடர்த்தி 290-ஐ எட்டவில்லை. சென்னை 26,500-ஐத் தாண்டுகிறது. இந்த இடைவெளியை ஐந்தாக வெட்டினால் ஒவ்வொரு வகுப்பும் சுமார் 5,250 அகலம். முதல் வகுப்பே ஐயாயிரத்து ஐந்நூறு வரை நீள்கிறது. சென்னைக்கு அடுத்து நெருக்கடியான கன்னியாகுமரியிலோ 1,100 சொச்சம் பேர்தான். ஆக, 31 மாவட்டங்களும் ஒரே வெளிறிய நிறத்தில் கிடக்கும். நடுவிலுள்ள மூன்று நிறங்களுக்கு மாவட்டமே இல்லை. சென்னை மட்டும் அடர்நிறம். அதுவும் அன்றைய எல்லைப்படி 175 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய ஒரு புள்ளி. கணக்கில் பிழையில்லை. ஆனால் நீலகிரிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே உள்ள ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம் படத்தில் எங்குமே இல்லை.

இரண்டாவது சம எண்ணிக்கை. மாவட்டங்களை வரிசைப்படுத்தி, வகுப்புக்கு ஆறேழாகப் பிரிப்பது. படம் உடனே களைகட்டிவிடும். பத்திரிகைகளுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஆனால் சென்னை, கன்னியாகுமரி, திருவள்ளூர், காஞ்சிபுரம், மதுரை, கோவை ஆறும் ஒரே நிறத்தில் நிற்கும். கோவையின் அடர்த்தி 730 அளவு. சென்னையினுடையது அதைப்போல் 36 மடங்கு. கோவைக்குச் சற்றே பின்னால், எழுநூறை ஒட்டி நிற்கும் கடலூரோ கீழ் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. ஒட்டிய எண்கள் பிரிந்தும், எட்டாத எண்கள் சேர்ந்தும் நிற்கின்றன.

எழுத்தறிவை எடுத்தால் கதை வேறு. 2011-இல் தருமபுரி 68.5 சதவீதம், கன்னியாகுமரி 91.7; மற்றவை இடையில் பரவியிருக்கின்றன. தனியே துருத்தி நிற்பது எதுவும் இல்லாததால் இங்கே சம இடைவெளிதான் பொருத்தம். வகுப்புகளை 65, 70, 75 என்று முழு எண்களிலேயே வைத்துக்கொள்ளலாம். அதே எல்லைகளில் 2001 படத்தையும் வரைந்தால், மாநிலம் 73-இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறியது நிறங்களிலேயே தெரியும். சம எண்ணிக்கையில் இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனியே பிரித்தால் எத்தனை முன்னேறினாலும் அடர்நிறத்தில் அதே ஆறேழு மாவட்டங்கள்தான் இருக்கும். ஆண்டுகளை ஒப்பிட அது உதவாது.

அதனால் நிறத்தைத் தொடுமுன் எண்களை ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பார்ப்பது நல்லது. QGIS மென்பொருளில் `Histogram` பகுதி இதையே காட்டும். அடர்த்திப் படத்துக்கு என் தேர்வு இரண்டுமல்ல: சென்னைக்குத் தனி நிறம் கொடுத்துவிட்டு, மீதி 31 மாவட்டங்களுக்கு 250-இலிருந்து இருநூறு இருநூறாக ஐந்து வகுப்புகள். நிற விளக்கத்தில் சென்னையின் எண்ணையும் அச்சிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கன்னியாகுமரிக்கு ஒரு படி மேலே நிற்பதாகவே வாசகர் நினைப்பார்.