நடந்து பார்த்தால் புரியும் ஆஃப்சைடு

கால்பந்து ஆடப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் ஆஃப்சைடு என்றால் என்னவென்று கேட்டால், "கோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்று பந்தை வாங்குவது" என்பார்கள். அவர்கள் பந்து போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கிறார்கள். விதி பார்ப்பதோ, சக ஆட்டக்காரரின் கால் பந்தைத் தொடும் கணத்தை. எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கையில் அந்தக் கணம் கண்ணுக்குப் பிடிபடாது. அதைப் பிடித்து நிறுத்தத்தான் நடைப் பயிற்சியும் சில கோன்களும் தேவைப்படுகின்றன.

விதி இதுதான். எதிரணியின் பாதியில் நிற்பவர், பந்தைவிடவும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் கோல் கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. தலை, உடல், கால் கணக்கில் வரும், கை வராது. அந்த ஆளுக்கு நேராக நின்றால் ஆஃப்சைடு இல்லை. 1990 முதல் அப்படித்தான். வெறுமனே அங்கே நிற்பது குற்றமும் இல்லை. நின்றவர் ஆட்டத்தில் தலையிட்டால்தான் விசில் ஊதப்படும்.

இதைக் கற்பிக்க அரை மைதானம் போதும். ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபெண்டர்கள், பாஸ் கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர். யாரும் ஓடக்கூடாது. பாஸ் கொடுப்பவரின் கால் பந்தில் பட்டதும் விசில். அந்த நொடியே எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். வாங்குபவரின் முன்காலருகே மஞ்சள் கோன், கடைசிக்கு முந்தைய ஆளின் காலருகே சிவப்பு கோன். வைத்த பிறகு ஆட்டம் நடையிலேயே தொடரலாம். ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள், கோன்கள் உதைத்த கணத்தைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும்.

ஓர் உதாரணம். கோல்கீப்பர் கோல் கோட்டில் நிற்கிறார். பின்னால் நிற்கும் டிஃபெண்டர் கோலிலிருந்து 12 அடிவைப்பு தூரத்தில். பந்து 25-இல். வாங்குபவர் 14-இல் நடந்து வரும்போது பாஸ் கிளம்புகிறது. அவர் டிஃபெண்டரைத் தாண்டிப் போய் 6-இல் பந்தை வாங்குகிறார். பிள்ளைகள் "ஆஃப்சைடு!" என்று கத்துவார்கள். திரும்பிக் கோன்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும்: மஞ்சள் 14-இல், சிவப்பு 12-இல். ஆஃப்சைடு இல்லை. இரண்டாம் முறை பாஸ் கிளம்பும்போது வாங்குபவர் 10-இல் இருக்கட்டும். பந்தை அதே 6-இல்தான் வாங்கட்டும். இப்போது ஆஃப்சைடு. பந்தை வாங்கிய இடம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. விளக்கம் எதுவும் சொல்லாமலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபடுவது இங்கேதான்.

இந்தப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் விசில் தாமதமாவதால். ஒரே ஆள் உதைக்கும் காலையும் டிஃபெண்டரையும் சேர்த்துப் பார்ப்பது கடினம். அதனால் வேலையைப் பிரித்துவிட வேண்டும். ஒரு பிள்ளை உதைப்பவரின் காலை மட்டும் பார்த்து விசில் ஊதட்டும். இன்னொரு பிள்ளை பக்கக் கோட்டில், கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேராக நடந்துகொண்டே இருக்கட்டும். உண்மையான ஆட்டத்தில் உதவி நடுவர் நிற்கும் இடமும் அதுதான். இன்னொரு சிக்கல், சிவப்பு கோனை நிலையான எல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வது. ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் கோன்களை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் அந்த எண்ணம் போய்விடும்.

அடுத்து கோல்கீப்பரை முன்னே நடந்து வரச் சொல்லலாம். கடைசி ஆள் எப்போதும் கோல்கீப்பர்தான் என்ற நினைப்பு பெரியவர்களிடமும் உண்டு. 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் மெக்சிகோவின் கார்லோஸ் வேலா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகப் பந்தை வலைக்குள் தள்ளினார். கோல் செல்லாது என்றதும் பார்த்தவர்கள் பலர் குழம்பினார்கள், ஏனென்றால் கோலருகே ஒரு தென்னாப்பிரிக்க வீரர் நின்றிருந்தார். ஆனால் கோல்கீப்பர் குனே முன்னே வந்துவிட்டிருந்தார். வேலாவுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே இருந்தது ஒரே ஒருவர். இரண்டாவது ஆள் இல்லாததால் அது ஆஃப்சைடுதான்; தீர்ப்பு சரி. பந்து வந்தது கார்னர் கிக்கில். கார்னரிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. நடுவே சக வீரர் ஒருவர் தலையால் தொட்டதும் கணக்கு புதிதாகத் தொடங்கிவிட்டது. இந்தக் காட்சியை ஐந்தாறு பேரை வைத்து நடையிலேயே திரும்ப நடத்திக் காட்டலாம்.

நடையில் காட்ட முடியாதது ஒன்று உண்டு. ஆட்டத்தில் வாங்குபவர் கோலை நோக்கி ஓடும்போது டிஃபெண்டர் எதிர்த்திசையில் முன்னே வருவார். ஒரு நொடிக்குள் இருவருக்கும் இடையே சில மீட்டர் மாறிவிடும். எனவே நடைக்குப் பின் மெதுவோட்டம், அதன் பிறகே முழு ஓட்டம். அவசரம் வேண்டாம். இங்கிலாந்தில் சிறுவர்களின் மினி சாக்கரில் ஆஃப்சைடே கிடையாது. அணிக்கு 9 பேர் ஆடும் ஆட்டத்தில்தான் அது தொடங்குகிறது. பயிற்சியாளர் சொல்லாமலே பிள்ளைகள் இரண்டு கோன்களையும் சரியான இடத்தில் வைக்கத் தொடங்கினால், அவர்களை ஓடவிடலாம்.