வரம்பு உயர்ந்தால் மதிப்பெண் உயருமா?

கடன்பற்று அட்டையின் வரம்பு என்பது அட்டைதாரர் எந்த நேரத்திலும் வைத்திருக்கக்கூடிய கடனின் உச்ச அளவாகும். அந்த வரம்பில் எவ்வளவு பங்கு நிலுவையாக நிற்கிறது என்பதைக் காட்டும் எண்ணே பயன்பாட்டு விகிதம் எனப்படுகிறது. நிலுவையை வரம்பால் வகுத்து நூறால் பெருக்கினால் இந்த எண் கிடைத்துவிடும். வகுத்தலில் கீழே நிற்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும் என்பதால்தான், வரம்பைக் கூட்டித் தருமாறு வங்கியிடம் கேட்பது கடன் மதிப்பெண்ணை உயர்த்தும் வழியாகவும் பேசப்படுகிறது.

மலேசியாவில் இதற்கான தரவு முதலில் சிசிரிஸ் எனப்படும் மையக் கடன் தகவல் அமைப்பில் பதிவாகிறது. பேங்க் நெகாரா மலேசியா 2001ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் இவ்வமைப்பு ஒவ்வொரு கடனின் வரம்பையும், நிலுவையையும், கடந்த 12 மாதங்களில் தவணை தவறியதா என்பதையும் காட்டுமேயன்றி, எவருக்கும் மதிப்பெண் இடுவதில்லை. சிடிஓஎஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனங்களே அத்தரவைக் கொண்டு 300 முதல் 850 வரையிலான மதிப்பெண்ணைக் கணிக்கின்றன. அக்கணிப்பில் கடனைத் தவறாமல் செலுத்திய வரலாறே மிகுந்த எடை பெறுகிறது. நிலுவையின் அளவு அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

பிறை தொழிற்பேட்டையில் மாதம் 2,800 ரிங்கிட் சம்பளம் பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவருடைய ஒரே அட்டையின் வரம்பு 4,000 ரிங்கிட், நிலுவை 2,400 ரிங்கிட் எனில், பயன்பாட்டு விகிதம் 60 விழுக்காடாகும். இவர் விரும்பிய அளவுக்கு வரம்பைக் கூட்டிக்கொள்ள இயலாது. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவருக்கு ஒரு வங்கி தரும் மொத்த வரம்பு மாதச் சம்பளத்தின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது என்றும், அவர் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம் என்றும் பேங்க் நெகாரா 2011இல் விதித்தது. இவருடைய ஆண்டு வருமானம் 33,600 ரிங்கிட் என்பதால், அந்த வங்கியில் அவர் எட்டக்கூடிய உச்சம் 5,600 ரிங்கிட்டாகும். அண்மைய சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையையும் இணைத்து விண்ணப்பித்து அந்த உச்சத்தைப் பெற்றுவிட்டால், அதே 2,400 ரிங்கிட் நிலுவைக்கு விகிதம் ஏறத்தாழ 43 விழுக்காடாக இறங்கும்.

ஆனால் வரம்பைத் தொடாமலேயே இதைவிடக் கூடுதலாக விகிதத்தைக் குறைக்க முடியும். சிசிரிஸுக்கு வங்கிகள் தரும் நிலுவை மாதந்தோறும் எடுக்கப்படும் ஒரு கணக்கே என்பதால், அடுத்த மாதம் கட்ட எண்ணியிருந்த 1,200 ரிங்கிட்டை மாத இறுதிக்கு முன்பே கட்டிவிட்டால், பழைய 4,000 ரிங்கிட் வரம்பிலேயே விகிதம் 30 விழுக்காடாகிவிடும். முழுத்தொகையையும் தவறாமல் கட்டுகிற ஒருவருக்குக்கூட, கணக்கெடுக்கப்படும் நாளில் நிலுவை பெரிதாக இருந்தால் விகிதம் உயர்ந்தே தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

வரம்பு உயர்வுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி மனுதாரரின் கடன் அறிக்கையைப் பார்க்கிறது. குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருப்பது தெரிந்தால் அது பணநெருக்கடியின் அறிகுறியாகக் கருதப்படலாம். தவணை தவறிய மாதங்கள் அறிக்கையில் இருக்கும்போது கேட்பதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. திருமணம், பயணம் போன்றவற்றுக்காகத் தரப்படும் தற்காலிக வரம்பு, காலம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புவதால், அதற்குள் அடைபடாத நிலுவை விகிதத்தை முன்பைவிட மேலே தள்ளிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடர், கூடிய வரம்புக்கு ஏற்பச் செலவும் கூடுவதாகும். மேற்சொன்ன தொழிலாளியின் நிலுவை 3,360 ரிங்கிட்டாக வளர்ந்தால், 5,600 ரிங்கிட் வரம்பிலும் விகிதம் மீண்டும் 60 விழுக்காட்டுக்கே வந்துவிடும். நிலுவையில் 5 விழுக்காடான 168 ரிங்கிட்டைக் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டினாலும், ஆண்டுக்கு 15 விழுக்காடு என்ற மிகக் குறைந்த வட்டிப் படியில்கூட ஏறத்தாழ 42 ரிங்கிட் அந்த மாத வட்டிக்கே போய்விடும்.

ஆகவே வரம்பு உயர்வு, நிலுவை உயராதவரை மட்டுமே மதிப்பெண்ணுக்கு உதவும். சம்பளம் உயர்ந்து, பன்னிரண்டு மாதக் கட்டண வரலாறு பழுதின்றி இருக்கையில் கேட்பதே தக்கது. நிலுவையை அடைக்க வழியில்லாத நிலையில் கேட்கப்படும் வரம்பு மேலும் ஒரு கடனேயாகும்.