சாமி எப்படி உள்ளே வந்தார்?

2005 அக்டோபர் 4. அமெரிக்க இளைஞர்கள் மொய்த்துக்கிடந்த மைஸ்பேஸ் தளத்தில், சாமி கம்கர் என்ற 19 வயது இளைஞர் தன் சுயவிவரப் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் நண்பர் பட்டியலில் அவர்களைக் கேட்காமலேயே சாமி சேர்ந்துகொண்டார். அவர்களுடைய பக்கத்திலும் “எல்லாரையும்விட சாமியே என் ஹீரோ” என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி ஏறியது. கூடவே அந்த நிரலும் ஒட்டிக்கொண்டது. அடுத்து அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கும் இதே கதிதான். ஒரு நாள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் அது பரவியது. தளத்தையே சற்று நேரம் மூடவேண்டியதாயிற்று.

யாருடைய கடவுச்சொல்லையும் சாமி திருடவில்லை. மைஸ்பேஸிலிருந்து வரும் பக்கத்தில் எது நிறுவனம் எழுதியது, எது பயனர் எழுதியது என்று பிரவுசருக்குத் தெரியாது. பக்கத்தில் ஸ்கிரிப்ட் இருந்தால், பார்ப்பவர் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்கின் அதிகாரத்தோடு அதை ஓட்டிவிடும்.

மைஸ்பேஸ் காவல் இல்லாமல் இருக்கவில்லை. பயனர்கள் பக்கத்தை அலங்கரிக்கலாம் என்று அனுமதித்த அந்தத் தளம், `<script>` டேகையும் `onclick` போன்றவற்றையும் நீக்கியது. `javascript` என்ற சொல்லைக் கண்டாலும் வெட்டியது. சாமி பின்னணிப் படம் வைக்கும் இடத்தில் நிரலைப் புகுத்தி, அந்தச் சொல்லை நடுவில் உடைத்தார்:

```html
<div style="background:url('java
script:...')">
```

வடிகட்டியின் கண்ணுக்கு இது `javascript` இல்லை. ஆனால் அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்த வரிமுறிவைப் பொருட்படுத்தாமல் இரு துண்டுகளையும் சேர்த்துப் படித்தது. `innerHTML` என்ற சொல்லும் தடைப்பட்டிருந்தது. அதை `'inne'+'rHTML'` என்று பிரித்து எழுதி, ஓடும்போது சேர வைத்தார். தடைப் பட்டியலின் பலவீனம் இதுதான். வடிகட்டி எழுத்துகளைத் தேடுகிறது. பிரவுசரோ பிழையாக எழுதியதையும் தானே சரிசெய்து படித்துவிடுகிறது.

இதைத் தடுக்க இரண்டு வேலைகள் உள்ளன. எங்கே எதைச் செய்வது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

பெயர், ஊர், சிறு குறிப்பு போன்றவை வெறும் எழுத்து. இவற்றுக்கு எதையும் நீக்கத் தேவையில்லை. எஸ்கேப் செய்தால் போதும். அதாவது, பக்கத்தில் அச்சிடும்போது `<` என்பதை `&lt;` என்றும், `>` என்பதை `&gt;` என்றும், `&` என்பதை `&amp;` என்றும் மாற்றவேண்டும். மேற்கோள்குறிகளுக்கும் இப்படியே மாற்று வடிவம் உண்டு. வாசகர் `<script>` என்று எழுதினால், திரையில் அந்த எழுத்துகளே தெரியும், ஓடாது. இந்த மாற்றத்தைச் சேமிக்கும்போது செய்யாமல், வெளியிடும்போது செய்வதே சரி. ஒரே தகவல் நாளை மின்னஞ்சலுக்கோ செல்போன் செயலிக்கோ போகலாம்; அங்கே `&lt;` என்றே தெரிந்தால் அசிங்கமாக இருக்கும்.

எஸ்கேப்புக்கும் எல்லை உண்டு. பயனர் தரும் முகவரியை லிங்க்காக வைக்கும்போது, `javascript:alert(1)` என்பதில் மாற்றவேண்டிய குறியே இல்லை. எஸ்கேப் செய்த பிறகும் அது அப்படியே இருக்கும். கிளிக் செய்தால் ஓடும். எனவே முகவரி `http`, `https`, `mailto` இவற்றில் ஒன்றோடு தொடங்குகிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும்.

தடித்த எழுத்து, பட்டியல், லிங்க் எல்லாம் வேண்டும் என்றால் எஸ்கேப் உதவாது. `<b>` கூட வெறும் எழுத்தாகிவிடும். இங்கேதான் சுத்திகரிப்பு வருகிறது. டாம்பியூரிஃபை, பிஎச்பி மொழிக்கான எச்டிஎம்எல் பியூரிஃபையர் போன்ற நூலகங்கள் சொல் தேடி வெட்டுவதில்லை. வந்ததை டேக் டேகாகப் பிரித்துக் கிளைக்கட்டமைப்பாக்கி, அனுமதித்த டேகுகளையும் பண்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைக் கழித்து, புதிதாக எழுதித் தருகின்றன. `b`, `em`, `p`, `ul`, `li`, `a`, லிங்க்குக்கு `href` மட்டும் என்று பட்டியல் போட்டிருந்தால், சாமியின் `style` எப்படி உடைந்து வந்தாலும் காணாமல் போயிருக்கும். சுத்திகரித்த பிறகு அந்த உரையில் மேலும் வெட்டு, ஒட்டு வேலை பார்த்தால் பாதுகாப்பு மறுபடி உடையலாம். அதனால் இதுவே கடைசிப் படியாக இருக்கவேண்டும்.

தளம் நடத்துபவர் தன் தளத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெயர்க் கட்டத்தில் `<b>சோதனை</b>` என்று இடுங்கள். போட்டபடியே குறிகளோடு தெரிந்தால் எஸ்கேப் சரியாக நடக்கிறது. ‘சோதனை’ என்பது தடித்த எழுத்தில் வந்தால், அந்த வழியாக ஸ்கிரிப்டும் வரலாம். `&lt;b&gt;` என்று தெரிந்தால் இரண்டு முறை எஸ்கேப் ஆகிறது. சேமிக்கும் இடத்தில் நடப்பதை நிறுத்திவிட்டு, வெளியிடும் இடத்தில் நடப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.