பெட்டிக்குள் வராத இலவசம்: யாரிடம் கேட்பது, எப்படி வாங்குவது?

ஆடித் தள்ளுபடி தொடங்கி தீபாவளி முடியும்வரை இலவசங்களுக்குக் குறைவே இருக்காது. மிக்ஸி வாங்கினால் தவா, டிவி வாங்கினால் ஸ்பீக்கர், செல்போன் வாங்கினால் இயர்பட்ஸ் என்று விளம்பரங்கள் அழைக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் சில சமயம் பொருள் மட்டும் இருக்கும், இலவசம் இருக்காது. ‘சும்மா தருவதுதானே, இதற்குப் போய் யார் சண்டை போடுவது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது சும்மா தருவதல்ல. அதைச் சொல்லித்தான் பொருளை விற்றிருக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருச்சியில் ஒரு குடும்பம் 5,800 ரூபாய்க்கு மிக்ஸி வாங்குகிறது. பெட்டியின் மேல் ‘4 ஜார்கள்’ என்று அச்சிட்டிருக்கிறது. கடை நோட்டீஸில் ‘999 ரூபாய் மதிப்புள்ள தவா இலவசம்’ என்று இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று ஜார்கள்தான் இருக்கின்றன. சட்னி ஜாரைக் காணோம். தவாவும் இல்லை. இவை இரண்டும் ஒரே புகார் போலத் தோன்றினாலும் கேட்க வேண்டிய இடம் வேறு வேறு.

முதலில் ஜார். அது இலவசமே அல்ல. மிக்ஸியின் விலைக்குள் அடங்கிய பாகம். ஒரே பெட்டிக்குள் பல பொருட்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே பெட்டியில் உள்ள அந்த அச்சே முதல் சாட்சி. பழைய பேப்பர்காரரிடம் பெட்டியைப் போட்டுவிட்டால் சாட்சியும் போய்விடும்.

கடைக்காரர், ‘எங்களுக்கு வந்ததே சீல் போட்ட பெட்டிதான், கம்பெனியில கேளுங்க’ என்பார். அது உண்மையா என்று பெட்டியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தாலோ, மிக்ஸியைச் சுற்றிய பாலித்தீன் உறை ஏற்கெனவே பிரிந்திருந்தாலோ, ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்த பீஸாக இருக்க வாய்ப்புண்டு. பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் மிக்ஸியின் அடிப்பகுதியில் உள்ள சீரியல் நம்பரும் வேறாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அப்படியானால் கடைதான் பொறுப்பு. சீல் ஒழுங்காக இருந்து ஜார் மட்டும் குறைந்தால், கம்பெனி கஸ்டமர் கேரில் மாடல், சீரியல் நம்பர், பில் தேதி மூன்றையும் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். கடைக்கும் ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பி வைப்பது நல்லது. விற்றவர் என்ற முறையில் கடை முழுக்க விலகிக்கொள்ள முடியாது.

அடுத்தது தவா. இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆஃபர் யாருடையது என்பது. கடை தன் கையிலிருந்து தருவதும் உண்டு, கம்பெனி கடை வழியாகத் தருவதும் உண்டு. இரண்டிலும் பொருள் பெட்டிக்குள் வராது, கவுன்டரில்தான் கிடைக்கும். மூன்றாவது வகையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பில் நகலையும் சீரியல் நம்பர் படத்தையும் கம்பெனியின் தளத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் பதிவு செய்தால், சில வாரங்கள் கழித்து கூரியரில் பரிசு வரும் என்று நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெட்டிக்குள் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த நாள் கடந்துவிடும். பில்லில் மாடல் நம்பர் தப்பாக இருந்தாலும், பில் தேதி ஆஃபர் காலத்துக்கு வெளியே விழுந்தாலும் பதிவு தள்ளுபடியாகலாம். அதனால் கவுன்டரை விட்டு நகரும் முன் இந்த இரண்டையும் சரிபார்ப்பது நல்லது.

கடை தர வேண்டிய பரிசு என்றால் அதிகம் கேட்கும் பதில், ‘ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம் வாங்க’. வெறுங்கையோடு திரும்பாமல், பில்லின் மேலேயே ‘தவா 1, தர வேண்டியது’ என்று தேதி போட்டு, கையெழுத்தும் சீலும் வாங்கிவிட வேண்டும். இலவசப் பொருளைப் பூஜ்யம் ரூபாய் என்று பில்லில் தனி வரியாகப் போடும் கடைகளும் உண்டு. அந்த வரி இருந்தால் வாதமே தேவையில்லை. பில்லில் உள்ள பொருள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆன்லைனில் வாங்கினால் சிக்கல் சற்று மாறும். இலவசப் பொருள் தனிப் பார்சலாகத் தனி டிராக்கிங் எண்ணோடு வருவதுண்டு. புகார் செய்யும் முன் ஆர்டர் பக்கத்தில் அதைப் பார்த்துவிட வேண்டும். ஆஃபர் பக்கம் நாளைக்கே மாறிவிடலாம் என்பதால், பணம் கட்டும் முன்பே தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பார்சலின் முகவரி லேபிளில் தொடங்கி, ஆறு பக்கமும் டேப்பும் தெரிய, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடி பிரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. புகாரில் ‘பழுது’ என்று போடாமல் ‘பொருள் குறைகிறது’ என்ற தலைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழுது என்றால் மொத்தத்தையும் மாற்றித் தருவார்கள். புதிய பெட்டியிலும் பரிசு இல்லாமல் போகலாம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கூறுகின்றன.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு, தரும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. விலைக்குள்ளேயே காசை வாங்கிக்கொண்டு இலவசம் என்று காட்டுவதும் அதே பட்டியலில் வருகிறது. ‘ஸ்டாக் உள்ளவரை’ என்ற வரியும் எல்லாவற்றுக்கும் கேடயமாகிவிடாது. எதிர்பார்க்கக்கூடிய தேவைக்குப் போதுமான சரக்கு இருக்க வேண்டும் என்று தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆனால் ஆஃபர் முடிந்த மறுநாள் வாங்கிவிட்டுப் பரிசு கேட்டால் இந்தச் சட்டம் எதுவும் உதவாது.

எழுத்தில் கேட்கும்போது சுருக்கமாக இருந்தால் போதும்: ‘இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் மிக்ஸி வாங்கினேன். நோட்டீஸில் சொன்ன தவா தரப்படவில்லை. 15 நாளுக்குள் தவாவைத் தரவும். இல்லையெனில் நீங்களே குறிப்பிட்ட மதிப்பான 999 ரூபாயைத் தரவும்.’ பரிசின் மதிப்பு எவ்வளவு என்று பின்னால் பேரம் வந்தால், விளம்பரத்தில் அவர்களே போட்ட தொகையைக் காட்டலாம்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அங்கிருந்து புகார் கம்பெனிக்குப் போகும். ஆனால் அது நீதிமன்றம் அல்ல. கம்பெனி மறுத்தால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய ஊர் வேறாக இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். அதுவரை பில், நோட்டீஸ், பெட்டி மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.