லிஃப்ட் ஒப்பந்தம் கொடுத்தாயிற்றா, இல்லையா?

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கக் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. மறுநாள் இரவு எல்லோருக்கும் மினிட்ஸ் மின்னஞ்சலில் வருகிறது. அதில் ஒரு பத்தி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்குகிறோம். குறைந்த தொகைக்குக் கொடுக்கப்பட்டது. பழைய பாக்கி பற்றி சார் பேசுவார். தண்ணீர்த் தொட்டி அடுத்த வாரம் சுத்தம் செய்யப்படும்.”

எழுத்துப் பிழை என்று சுட்டிக்காட்ட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் லிஃப்ட் வேலையை யாருக்காவது கொடுத்தாயிற்றா என்று கேட்டால், இதைப் படித்தவர்களால் பதில் சொல்ல முடியாது. கொட்டேஷனே இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், குறைந்த தொகைக்கு எப்படிக் கொடுத்தார்கள்? பொருளாளர் முன்பணச் செக் எழுத வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா?

இந்தக் குழப்பம் வருவதற்கு எழுதியவரின் தமிழ் காரணமில்லை. கூட்டத்தில் பேச்சு ஓடும்போதே கிறுக்கிய வரி நிகழ்காலத்தில் நிற்கும். இரவில் நினைவிலிருந்து சேர்த்த வரி இறந்தகாலத்துக்குப் போகும். இனி ஆக வேண்டிய வேலை எதிர்காலத்தில் வரும். மூன்றையும் அப்படியே அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறார்கள்.

கம்பெனிகளின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கு இதில் விதியே உண்டு. இந்தியக் கம்பெனிச் செயலாளர்கள் நிறுவனம் வகுத்த செயலகத் தரநிலை, மினிட்ஸைப் படர்க்கையிலும் இறந்தகாலத்திலும் எழுதச் சொல்கிறது. தீர்மானங்களை மட்டும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும். குடியிருப்போர் சங்கத்தை அந்தத் தரநிலை கட்டுப்படுத்தாது. ஆனாலும் நடந்ததையும் முடிவானதையும் தனித்தனியாகப் பிரிக்கும் அந்த முறை எந்தக் கூட்டத்துக்கும் உதவும்.

மெய்ப்புப் பார்ப்பவர் முதல் சுற்றில் வினைமுற்றுகளை மட்டும் படித்துக்கொண்டு போகலாம். முடிகிறது, வாங்குகிறோம், கொடுக்கப்பட்டது, பேசுவார், செய்யப்படும். ஐந்து வரிக்குள் காலம் எங்கெங்கே தாவுகிறது என்பது உடனே கண்ணில் படும். ஆனால் எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கினால் வேறு வினை வரும். ‘முடிகிறது’ என்பதை ‘முடிந்தது’ என்று மாற்றினால், ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது என்று பொருளாகிவிடும். இதற்குத் தமிழில் நல்ல வழி இருக்கிறது: “ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிவதாகச் செயலாளர் தெரிவித்தார்.” பேசியது இறந்தகாலத்தில் நிற்கிறது, ஒப்பந்தத்தின் நிலையும் மாறவில்லை.

‘கொடுக்கப்பட்டது’ என்ற வரியை இலக்கணத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. வேலையைக் கொடுத்துவிட்டார்களா, கொடுப்பதாக முடிவு மட்டும் எடுத்தார்களா என்பது கூட்டத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். ஊகித்துத் திருத்தினால், எடுக்காத முடிவு ஒன்று பதிவேட்டில் ஏறிவிடும். மினிட்ஸ் எழுதியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் சரி.

இரண்டாவது சுற்றில் ‘செய்யப்படும்’, ‘வேண்டும்’ என்று முடியும் வரிகளைப் பிடிக்க வேண்டும். செயப்பாட்டு வினை வந்தாலே, செய்பவர் யார் என்பது வரியிலிருந்து காணாமல் போக வாய்ப்புண்டு. ‘சார் பேசுவார்’ என்பதும் அப்படித்தான்; கமிட்டியில் நாலு சார் இருப்பார்கள். ‘கமிட்டி கவனிக்கும்’ என்று எழுதினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் கவனிப்பார் என்று இருந்துவிடுவார்கள். பலர் சேர்ந்து செய்யும் வேலையென்றாலும் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஒருவர் பெயர் வேண்டும். ‘அடுத்த வாரம்’ என்பதும் உதவாது. மின்னஞ்சலைப் பத்து நாள் கழித்துத் திறப்பவருக்கு அது வேறு வாரம்.

கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பத்தி இப்படி ஆகும்:

“லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிவதாகச் செயலாளர் தெரிவித்தார். மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்த தொகை கேட்பவருக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. செயலாளர் மார்ச் 15-க்குள் கொட்டேஷன் வாங்குவார். பழைய பாக்கி பற்றிப் பொருளாளர் மார்ச் 12-க்குள் இப்போதைய கம்பெனியிடம் பேசுவார். இணைச் செயலாளர் மார்ச் 18-க்குள் தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்விப்பார்.”

எந்த வேலையும் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது. பொருளாளர் செக் எழுத வேண்டியதில்லை. அலுவலகமாக இருந்தால், பதவிக்குப் பதில் பெயரையே போட்டுவிடலாம். கூட்டத்துக்கு வராத ஒருவர் தலையில் வேலை விழுந்திருந்தால், அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகே பெயரை எழுத வேண்டும்.

முதல் மின்னஞ்சல் ஏற்கெனவே போய்விட்டதால், திருத்திய பிரதியைச் சத்தமில்லாமல் அனுப்பக் கூடாது. தலைப்பிலேயே ‘திருத்திய மினிட்ஸ்’ என்று போட்டு, எந்த வரிகள் மாறின என்பதை மேலே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் பழையதையே வைத்துக்கொண்டு வாதாடுவார்கள்.

மேலே சொன்ன தரநிலைப்படி, கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் வரைவு மினிட்ஸ் இயக்குநர்களுக்குப் போய்விட வேண்டும். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 7 நாள் உண்டு. உங்கள் சங்கத்தில் அப்படி ஒரு கெடு இல்லையென்றால், மினிட்ஸ் அனுப்பும் மின்னஞ்சலிலேயே ஒரு தேதி குறித்துவிடுங்கள். மினிட்ஸ் வந்ததும் உங்கள் பெயர் இருக்கிற வரியை முதலில் படித்து, தவறாக இருந்தால் அந்தத் தேதிக்குள் எல்லோருக்கும் பதில் எழுதுங்கள்.